வெள்ளைக்குள் மறைந்த இருக்கை: மறதி நோயும் குறைபார்வையும் உள்ள முதியவருக்கு ஒரு குளியலறை

பெங்களூரு அல்சூர் பகுதியில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் வசிக்கிறது. கும்பகோணத்தைச் சேர்ந்த பெரியவர் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; வயது 79. மனைவி, மகன், மருமகள் ஆகியோருடன் இருக்கிறார். மூன்றாண்டுகளுக்கு முன் அவருக்கு அல்சைமர் வகை மறதி நோய் இருப்பது உறுதியாயிற்று. ஒரு கண்ணில் கண்புரை அறுவை நடந்துள்ளது. மற்றொரு கண்ணில் புரையோடு கண்நீர் அழுத்த நோயும் சேர்ந்து, பக்கப் பார்வை பெரிதும் குறைந்துவிட்டது. முதியோரின் வீடுகளுக்குச் சென்று அன்றாடச் செயல்களை எளிதாக்கித் தரும் சிகிச்சையாளர் என்ற முறையில் என்னை அந்த வீட்டிற்கு அழைத்தார்கள். அவர்களின் இசைவோடு, பெயர் குறிப்பிடாமல் அந்த அனுபவத்தை இங்கே விளக்குகிறேன்.

குடும்பத்தார் கூறிய குறைகள் மூன்று. குளிக்க அழைத்தால் பெரியவர் குளியலறை வாசல் வரை வந்து நின்றுவிடுகிறார். உள்ளே கால் வைக்க மறுக்கிறார். இரவில் கழிப்பறைக்குப் போனாலும் சிறுநீர் தரையில்தான் விழுகிறது. உட்காரும்போது இருக்கையின் விளிம்பில் பாதியாக அமர்ந்து ஒருமுறை சரிந்தும் விழுந்திருக்கிறார். குழாயைத் திறக்கத் தெரியவில்லை. ஒருமுறை திறந்தபோது கொதிநீர் பட்டுக் கை சிவந்துவிட்டது. "பிடிவாதம் அதிகமாகிவிட்டது" என்றார் மகன். மருமகள் மட்டும் சற்றுத் தயங்கி, "மாமா 'பள்ளம் இருக்கு, பள்ளம் இருக்கு' என்று ஏதோ சொல்லிக்கொண்டே நிற்பார். எங்களுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் விடை இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

குளியலறை ஏறத்தாழ எட்டடிக்கு ஐந்தடி. சுவர் முழுவதும் பளபளக்கும் வெள்ளை ஓடு. கழிப்பறைக் கோப்பை வெள்ளை, அதன் இருக்கையும் மூடியும் வெள்ளை, கை கழுவும் தொட்டி வெள்ளை, தரை மங்கிய பால் நிறம். வாசலில் நான்கு அங்குல அகலத்தில் ஒரு கருங்கல் பட்டை. அதைத் தாண்டினால் தரை ஓர் அங்குலம் தாழ்கிறது. பெங்களூரு அடுக்ககங்களில் நூற்றுக்கணக்கில் காணக்கூடிய, தூய்மையான, கண்ணுக்கு இதமான குளியலறை. இளைஞர்களின் கண்ணுக்கு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதிய கண் காண்பது என்ன?

இருபது வயதில் விழித்திரைக்குச் சென்று சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் சென்று சேர்கிறது. கண்மணி சிறுத்துவிடுகிறது, கண்வில்லை தடித்து மஞ்சளாகிறது. மஞ்சளான வில்லை நீல ஒளியை வடிகட்டிவிடுவதால் வெளிர் நீலம், வெளிர் பச்சை, சாம்பல், வெள்ளை ஆகியவை ஒன்றோடொன்று கலந்து தோன்றும். அல்சைமர் நோயில் இதற்கு மேலும் ஒன்று சேர்கிறது. கண் நன்றாக இருந்தாலும், இரண்டு பரப்புகளுக்கு இடையேயுள்ள மெல்லிய வெளிச்ச வேறுபாட்டைப் பிரித்தறியும் மூளையின் திறன் குறைந்துவிடுகிறது. கண் மருத்துவரின் எழுத்துப் பலகையைப் படித்துவிடும் ஒருவர், வெள்ளைத் தட்டில் உள்ள வெண்சோற்றைக் காணாமல் இருக்கக்கூடும்.

இதை ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முற்றிய அல்சைமர் நோயாளிகளுக்கு வெள்ளைப் பாத்திரங்களுக்குப் பதிலாக அடர்நிறப் பாத்திரங்களில் உணவளித்துப் பார்த்தனர். உண்ட உணவின் அளவு சுமார் 25 விழுக்காடும் பருகிய நீர்ம அளவு சுமார் 84 விழுக்காடும் உயர்ந்தன. 2004 ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் மிகச் சிலரே. ஆகவே அந்த எண்களைப் பொதுவிதியாகக் கொள்ளக் கூடாது. ஆயினும் வெளிர் நிறச் சிவப்பும் வெளிர் நிற நீலமும் தந்தபோது அதே பயன் கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிறத்தைவிட அதன் அடர்த்திதான் பயன் தந்தது.

நம் வீட்டுக் குளியலறைக்கும் இதுவே அடிப்படை. ஒரு பொருள் தனித்துத் தெரிய வேண்டுமானால் அது தன் பின்னணியைவிட நன்கு இருண்டதாகவோ நன்கு வெளிறியதாகவோ இருக்க வேண்டும். பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரையிலான ஓர் அளவில் குறிப்பார்கள். கருமைக்கு 0, தூய வெண்மைக்கு 100. அடுத்தடுத்த பரப்புகள் தனித்துத் தெரிய இந்த அளவில் 30 புள்ளிகள் வேறுபாடு வேண்டும் என்பது பிரிட்டனின் கட்டடத் தரநிலையில் இடம்பெற்று, பலராலும் பின்பற்றப்படுகிறது. வெள்ளைப் பீங்கானின் மதிப்பு எண்பதை ஒட்டி இருக்கும். பால் நிறத் தரையும் அதற்கு அருகில்தான். இரண்டுக்கும் நடுவே வெள்ளை இருக்கை எப்படித் தெரியும்?

இந்த அளவைக் கண்டறியக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் கைப்பேசிப் படக்கருவியைக் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கும் நிலைக்கு மாற்றுங்கள். பெரியவர் வழக்கமாக நிற்கும் இடத்தில், அவருடைய கண் உயரத்தில், வழக்கமாக எரியும் விளக்கின் ஒளியில் ஒரு படம் எடுங்கள். திரையின் ஒளியைக் குறைத்து, கையை நீட்டிப் பிடித்துக் கண்களைச் சற்றே சுருக்கிப் பாருங்கள். படத்தில் கழிப்பறை இருக்கை தனியாகத் தெரிகிறதா? அல்சூர் வீட்டில் எடுத்த படத்தை மகனிடம் காட்டியபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. படத்தில் கழிப்பறையே இல்லை. ஒரு வெள்ளைச் சுவரும், அதன் முன்னே தரையில் ஒரு கருங்கோடும்தான் இருந்தன.

இருக்கையை மாற்றுதல்

முதல் வேலை இருக்கையை மாற்றுவது. கோப்பையை மாற்றத் தேவையில்லை, மாற்றவும் கூடாது. கோப்பை வெள்ளையாக இருந்தால்தான் மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம் கலந்திருப்பதைக் குடும்பத்தார் கவனிக்க முடியும். இருக்கை மட்டும் அடர்நிறமாக இருந்தால், வெள்ளைக் கோப்பைக்கும் வெளிர் தரைக்கும் நடுவே ஒரு தெளிவான வளையம் தோன்றும். எங்கே அமர வேண்டும் என்பதை அந்த வளையமே காட்டும்.

எந்த நிறம்? சிவப்பு நிறத்தைப் பரிந்துரைப்பவர் பலர். பகல் ஒளியில் சிவப்பு எடுப்பாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் மங்கிய ஒளியில் மனிதக் கண்ணுக்குச் சிவப்பு விரைவில் இருண்டு பழுப்பாகிவிடும். வெள்ளைப் பின்னணியில் அதனால் கேடில்லை. தரை செங்கல் நிறத்திலோ காவி நிறத்திலோ இருந்தால் சிவப்பு இருக்கை தரையோடு கரைந்துவிடும். நான் பெரும்பாலும் அடர் நீலத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். மஞ்சளான வில்லை நீல ஒளியை விழுங்கிவிடுமே, அப்படியிருக்க நீலம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். முதிய கண்ணுக்கு அடர் நீலம் ஏறக்குறையக் கறுப்பாகத் தோன்றும். வெள்ளைக்கு எதிரே நமக்கு வேண்டியதும் அந்தக் கருமையே. முழுக் கறுப்பைத் தவிர்ப்பதற்குக் காரணம், சிலருக்கு அது திறந்த ஓட்டையாகத் தோன்றி அச்சம் தருவதுதான். தரையே கருமையாக உள்ள வீடுகளில் கணக்கு தலைகீழாகும். அங்கே கோப்பை தானாகவே எடுத்துக்காட்டும். இருக்கைக்கு இடைப்பட்ட ஒரு நிறம் போதும்.

வாங்கும்முன் மூன்று அளவுகளை எடுத்துக்கொள்ள வேண்டும்: பின்புறத் திருகு துளைகள் இரண்டின் நடுப்புள்ளிகளுக்கு இடையேயுள்ள தூரம், அத்துளைகளிலிருந்து கோப்பையின் முன் விளிம்பு வரை உள்ள நீளம், கோப்பையின் மிகுந்த அகலம். கோப்பையின் வடிவத்தையும் ஒரு காகிதத்தில் வைத்து வரைந்து கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது. பொருந்தாத இருக்கை பக்கவாட்டில் நழுவும். மறதி நோயாளி ஒருமுறை நழுவினால் மறுமுறை அங்கே அமர மறுப்பார். அடியிலுள்ள மரையைக் கையால் இறுக்கியபின் கருவியால் கால் சுற்று மட்டும் திருகினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் பீங்கான் விரிசல் காணும். பொருத்தி முடித்ததும் இரு உள்ளங்கைகளையும் இருக்கையின் மேல் ஊன்றிப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். சிறிதும் அசையக் கூடாது.

பளபளப்பில்லாத மேற்பரப்பே சிறந்தது. பளபளக்கும் நீல இருக்கையில் கூரை விளக்கு எதிரொளித்தால் அந்த இடம் வெள்ளையாகி, வளையம் நடுவில் உடைந்ததுபோல் தோன்றும். மூடியை முற்றிலும் கழற்றிவிடச் சொன்னேன். மூடியிருந்தால் கழிப்பறை என்பது ஒரு பெட்டியாகவோ முக்காலியாகவோ தெரியும். அதைத் திறக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றாது. "மூடி இல்லாமல் பார்க்க நன்றாக இல்லையே" என்றார் பெரியவரின் மனைவி. ஒப்புக்கொண்டேன்; நன்றாகத்தான் இல்லை. ஆனால் கழற்றிவிட்டோம்.

பெங்களூருக்கே உரிய இன்னொரு செய்தியும் உண்டு. காவிரி நீரோடு ஆழ்துளைக் கிணற்று நீரும் கலந்து வரும் அடுக்ககங்களில் நீரின் கடினத்தன்மையால் அடர்நிறப் பரப்பின்மேல் வெள்ளை உப்புப் படலம் படியும். சில மாதங்களில் நீலம் சாம்பலாகி, செய்த வேலை வீணாகும். வாரம் ஒருமுறை நீர் கலந்த காடியால் துடைத்துக் கழுவினால் படலம் சேராது.

நான் செய்த பிழை

இருக்கை பொருத்திய முதல் வாரம் பெரியவர் பகலில் சரியாக அமர்ந்தார். இரண்டாம் வாரம் மருமகள் தொலைபேசியில் அழைத்தார். "இருக்கையில் போவதில்லை, பக்கத்திலிருக்கும் வாளியில் போகிறார்" என்றார். சென்று பார்த்தேன். குளிக்கும் வாளி அடர் நீலம்; வட்ட விளிம்பு; உள்ளே நீர். கழிப்பறைக்கு ஒன்றரை அடி தள்ளி, கதவுக்கு அருகில் இருந்தது. வெள்ளை அறையில் நீல வளையத்தைத் தேட நாங்கள்தான் அவரைப் பழக்கியிருந்தோம். அவர் முதலில் கண்ட நீல வளையத்தைப் பயன்படுத்திக்கொண்டார். தவறு அவருடையதன்று.

ஒரு நிறக்குறி வேலை செய்ய வேண்டுமானால் அந்த நிறம் அறையில் ஓர் இடத்தில் மட்டுமே இருக்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். ஆர்வத்தில் துண்டு, சோப்புப் பெட்டி, குவளை, கைப்பிடி எல்லாவற்றையும் அடர்நிறமாக்கிவிடுவார்கள். எல்லாம் கத்தினால் எதுவும் கேட்காது. நீல வாளியை அப்புறப்படுத்தி, வெள்ளை வாளி வாங்கி, குளிக்கும் நேரம் தவிர மற்ற வேளைகளில் அதைக் குளியலறைக்கு வெளியே வைக்கச் சொன்னேன். குப்பைத் தொட்டிக்கும் அழுக்குத் துணிக் கூடைக்கும் இதே விதி பொருந்தும். அவற்றில் சிறுநீர் கழிப்பதாகக் குடும்பங்கள் வருந்திக் கூறுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

வாசலில் இருந்த பள்ளம்

இனி அந்தப் பள்ளத்திற்கு வருவோம். தெரிய வேண்டிய பொருளுக்கு வேறுபாடு எவ்வளவு தேவையோ, நடக்கும் தரையில் அது அவ்வளவு தீங்கு. வெளிர் தரையின் நடுவே ஓர் இருண்ட பட்டை வந்தால், ஆழத்தை அளவிடும் திறன் குறைந்த மூளை அதைக் குழியென்றோ படியென்றோ எடுத்துக்கொள்கிறது. அடர்நிறக் கால்மிதி, ஓடுகளின் கறுப்புக் கரை, வாசல் கருங்கல் ஆகிய மூன்றும் இவ்வகையைச் சேர்ந்தவை. பளபளக்கும் தரை நீர் தேங்கியதுபோல் தோன்றும். பெரியவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. தாம் கண்டதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்.

இதை உறுதிசெய்ய ஒரு சிறு சோதனை செய்தோம். படுக்கையறைத் தரையின் நிறத்தை ஒத்த, வழுக்காத தரை விரிப்புத் துண்டு ஒன்றை வெட்டிக் கருங்கல்லின்மேல் இரட்டைப் பசை நாடாவால் ஓரங்கள் எழும்பாதவாறு ஒட்டினோம். மறுநாள் காலை மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மாமா" என்றதும் பெரியவர் நிற்காமல் உள்ளே நடந்துவிட்டார்.

ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. பட்டையின் பின்னே ஓர் அங்குல இறக்கம் உண்மையாகவே இருக்கிறது. பொய்ப் பள்ளத்தை மறைக்கும்போது மெய்ப்படியையும் சேர்த்து மறைத்துவிட்டால் அவர் இடறுவார். ஆகவே கொத்தனாரைக் கொண்டு இறக்கத்தைச் சாய்தளமாக மாற்றினோம். ஓர் அங்குல உயரத்திற்குக் குறைந்தது ஓரடி நீளச் சாய்வு விட்டோம். நீர் வெளியறைக்கு வராதிருக்க, சாய்வு குளியலறைக்குள் சரியுமாறு அமைத்தோம். அதன் மேலே தரையின் அதே நிறத்தில், சொரசொரப்பான ஓடு. சாய்தளம் அமைக்க இடமில்லாத வீடுகளில் உள்ள ஒரே வழி, படியின் விளிம்பில் மட்டும் மெல்லிய அடர் கோடு இட்டு, ஒவ்வொரு முறையும் உடன் ஒருவர் கைபிடித்து இறக்குவதுதான். கோடு மட்டும் போதுமென்று நான் சொல்ல மாட்டேன்.

குழாயும் வெந்நீரும்

அங்கிருந்த குழாய் ஒற்றைக் கைப்பிடிக் கலவைக் குழாய். கைப்பிடியை மேலே தூக்கி இடப்பக்கம் திருப்பினால் வெந்நீர். வலப்பக்கம் திருப்பினால் தண்ணீர். சிவப்பும் நீலமுமாகக் கடுகளவு இரு புள்ளிகள். அதைச் சுவரில் பதித்த ஓர் உலோகக் குமிழ் என்றுதான் பெரியவர் கண்டார். அவர் அறுபது ஆண்டுகள் கையாண்டது நான்கு கிளைக் கைப்பிடி கொண்ட பித்தளைக் குழாய். மறதி நோயில் அண்மைக்காலப் பழக்கங்கள் முதலில் உதிரும். கை பழகிய பழைய செயல்கள் நெடுநாள் நிற்கும். எனவே புதியதை எளிதாக்குவதைவிடப் பழையதைத் திரும்பக் கொண்டுவருவது நல்லது. கையை நீட்டினால் தானாக நீர் வரும் உணர்கருவிக் குழாயை அன்பின் பெயரால் வாங்கிப் பொருத்தும் பிள்ளைகள் உண்டு. திருகப் பிடி இல்லாத குழாயின் முன் இவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். திடீரென நீர் பாய்ந்தால் திடுக்கிடுவார்கள்.

தனித்தனியாக இரு குழாய்கள் பொருத்தினோம்: இடப்பக்கம் வெந்நீர், வலப்பக்கம் தண்ணீர்; இரண்டும் நான்கு கிளைக் கைப்பிடி உடையவை. உள்ளே இருப்பது கால் சுற்றில் திறந்து மூடும் பீங்கான் தட்டு அமைப்பு. எனவே கசிவு குறைவு. மூட்டு வலி உள்ளவர்க்கும் எளிது. வெளித்தோற்றம் மட்டும் பழையது. வெந்நீர்க் கைப்பிடிக்கு அடியில் சிவப்பு வளையம் ஒன்றும் இட்டோம். ஆனால் 'சிவப்பு என்றால் சூடு' என்பது ஒரு குறியீடு. நோய் முற்றும்போது குறியீடு பொருளிழக்கும். சொல்லை வாய்விட்டுப் படிக்கும் திறன் பலருக்கு அதைவிட நீண்டநாள் நிற்கிறது. ஆகவே குழாயின் பின்னுள்ள சுவரில், கண்ணுக்கு நேரே, பளபளப்பற்ற மஞ்சள் அட்டையில் இரண்டு அங்குல உயரக் கறுப்பெழுத்தில் 'வெந்நீர்' என்று ஒரே சொல்லை எழுதி, நீர் புகாதபடி ஒட்டினோம். மொழி தமிழ். வீட்டுக்கு வரும் உதவியாளர் கன்னடம் மட்டுமே அறிந்தவர். கன்னடத்திலும் எழுதலாமா என்று கேட்டார்கள். ஒரு பலகையில் இரண்டு எழுத்துருக்கள் இருந்தால் பெரியவருக்கு இரண்டும் கோலமாகிவிடும். உதவியாளரிடம் வாயால் சொல்லிவிட்டோம். அவர் ஒரே வாரத்தில் அந்தத் தமிழ்ச் சொல்லைப் படிக்கக் கற்றுக்கொண்டார் என்பது தனிக்கதை.

பலகை கையைச் சுடாமல் காக்காது. பெங்களூரில் மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்க் கலன் உள்ள வீடுகள் மிகுதி. வெயில் நன்கு அடிக்கும் நாளில் அதன் நீர் 60 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். 60 பாகை நீர் ஐந்தே நொடிகளில் தோலை ஆழமாகச் சுட்டுவிடக்கூடியது. முதியவரின் மெல்லிய தோலுக்கு அவ்வளவு நேரமும் தேவையில்லை. மின் வெந்நீர்க் கலனின் வெப்பத்தைத் திருகிக் குறைத்து வைக்கலாம். சூரியனைத் திருக முடியாது. ஆகவே வெந்நீர்க் குழாய்க்கு முன்பாக வெப்பக் கட்டுப்பாட்டுக் கலவை அடைப்பிதழ் ஒன்றைப் பொருத்தி, வெளிவரும் நீர் 42 பாகையைத் தாண்டாதவாறு அமைத்தோம். மொத்தச் செலவில் பெரும்பங்கு இதற்குத்தான் ஆயிற்று. குழாய்ப் பணியாளர் போகுமுன் சமையலறை வெப்பமானியை வாளி நீரில் வைத்து அளந்து பாருங்கள். பிறகு மாதம் ஒருமுறை, குறிப்பாக வெயில் மிகுந்த ஒரு நாளின் பிற்பகலில், மீண்டும் அளந்து பாருங்கள். கடின நீரின் உப்பு அடைப்பிதழில் படிந்தால் கட்டுப்பாடு தவறும்.

விளக்கு, கண்ணாடி, கதவு

மற்றவை விரைவில் முடிந்தன. கூரையில் இருந்த ஒற்றைக் கூர்விளக்குக்குப் பதிலாக ஒளியைப் பரப்பும் மூடியுள்ள இரு விளக்குகள் பொருத்தினோம். பளிச்சிடும் ஒளி ஓடுகளில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது குறைந்தது. மின்தடை நேரத்திலும் எரியுமாறு அவற்றுள் ஒன்றை மின்கல இணைப்போடு சேர்த்தோம். இரவில் குளியலறைக் கதவைத் திறந்து, விளக்கை எரியவிட்டு, படுக்கையிலிருந்து பார்த்தால் நீல இருக்கை தெரியுமாறு கட்டிலைத் திருப்பிப் போட்டோம். இவ்வளவையும் செய்தபின் எனக்குத் தோன்றியது, மற்ற எல்லாவற்றையும்விடக் கட்டிலைத் திருப்பியதுதான் இரவு நேரச் சிக்கலை மிகுதியாகக் குறைத்தது என்று. அதற்குச் செலவு ஏதுமில்லை.

கண்ணாடியில் தெரியும் முதியவரைத் தாம் என்று அறியாமல், 'உள்ளே யாரோ இருக்கிறார்' என்று வெளியே வந்துவிடும் நோயாளிகள் உண்டு. இவருக்கு இன்னும் அந்நிலை வரவில்லை. வந்தால் இழுத்து மூடச் சிறு திரை ஒன்றைத் தயாராக மாட்டி வைத்திருக்கிறோம். உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டோம். துண்டு மாட்டும் கம்பியையும் கழற்றினோம். விழப்போகிறவர் அதைத்தான் பற்றுவார், அது சுவரோடு பெயர்ந்து வரும். அதனிடத்தில் உடல் எடை தாங்கும் கைப்பிடிக் கம்பி. வெள்ளைச் சுவரில் எஃகுக் கம்பி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அடர் பச்சைப் பூச்சுள்ளதாக வாங்கினோம். நீலமன்று. அது இருக்கைக்கு மட்டுமே.

தொடங்கும்முன், தொடங்கியபின்

குளியலறையில் கை வைப்பதற்கு முன் கண் மருத்துவரிடம் சென்றுவாருங்கள். புரையை அகற்றுவதாலும் சரியான மூக்குக் கண்ணாடியாலும் தீரக்கூடிய குறையை வண்ணத்தால் ஈடுசெய்ய முயல்வது பயனற்றது. மறதி நோயாளிக்கு அறுவை வேண்டாம் என்று குடும்பமே முடிவு செய்துவிடுவதை அடிக்கடி காண்கிறேன். அம்முடிவை மருத்துவரிடம் விடுங்கள். அதுவரை சரியாகப் போய்வந்தவர் இரண்டொரு நாளில் திடீரென ஆடையை நனைக்கத் தொடங்கினால், அது பெரும்பாலும் நிறத்தின் சிக்கலன்று. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிய மாத்திரை ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். நோயின் நிலையை அறிய நிம்ஹான்ஸ் மருத்துவமனையும், பகல்நேரப் பராமரிப்புக்குக் கஸ்தூரி நகரில் 2010 ஆம் ஆண்டு முதல் நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளை நடத்திவரும் மறதி நோய் மையமும் பெங்களூரில் உள்ளன. எந்த ஊரில் இருப்பவரும் முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 இல் வழிகேட்கலாம்.

மாற்றங்களை ஒரே நாளில் செய்யாதீர்கள். பழகிய அறை ஒரே நாளில் அயல் அறையாகிவிட்டால் அதுவே புதிய குழப்பம். ஒன்றை மாற்றி இரண்டு வாரம் பொறுத்து அடுத்ததைத் தொடங்குவது என் வழக்கம். இடையில் ஒரு குறிப்பேடு வைத்து, ஒவ்வொரு நாளும் எத்தனை முறை சரியாக அமர்ந்தார், எத்தனை முறை தவறியது, எந்த நேரத்தில் என்று மட்டும் குறித்து வையுங்கள். நினைவை நம்பினால் கடைசியாக நடந்த ஒரு நிகழ்ச்சிதான் மனத்தில் நிற்கும்.

அந்த வீட்டின் குறிப்பேட்டில் மாற்றங்களுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் இரவுத் தவறுதல்கள் பதினொன்று. எல்லாம் முடிந்த பின்னான இரண்டு வாரங்களில் மூன்று. அந்த மூன்றும் அவர் தூக்கக் கலக்கத்தில், மூக்குக் கண்ணாடி அணியாமல் எழுந்த நாள்கள். அதன்பின் கண்ணாடியைத் தலையணைக்கு அருகில் ஒரு சிறு கிண்ணத்தில் வைக்கத் தொடங்கினார்கள்.

வண்ணத்தால் ஆகாததும் உண்டு. ஏழு மாதங்களுக்குப் பின் பெரியவர் நீல இருக்கையின் முன் நின்று, அதைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டே, "இது எதுக்கு?" என்று மனைவியைக் கேட்டார். பொருள் கண்ணுக்குத் தெரிகிறது. அது என்ன என்பது தெரியவில்லை. இந்நிலையை எந்த நிறத்தாலும் மாற்ற இயலாது. இப்போது மனைவி இரண்டு மணிக்கு ஒருமுறை அவரை அழைத்துச் சென்று, இருக்கைக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, அவர் கையைப் பச்சைக் கம்பியின்மேல் வைத்து, "உட்காருங்க" என்கிறார். கை கம்பியைத் தொட்டதும் அவர் அமர்ந்துவிடுகிறார். இருக்கையை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் எங்கே உட்கார வைக்க வேண்டும் என்பது, எழுபத்து நான்கு வயதாகி, தாமும் புரையேறிய கண்ணோடு நிற்கும் அந்த அம்மையாருக்கு நன்றாகத் தெரிகிறது.